மஞ்சள் கேப்சூலும் கல்லீரலும்: பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள்

மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் மஞ்சள் கேப்சூல் சாப்பிடுவது நம் பகுதியில் இப்போது பரவலாகிவிட்டது. துறைமுகத்திலும் கண்டெய்னர் யார்டுகளிலும் பல வருடம் வேலை பார்த்து முழங்கால் தேய்ந்தவர்கள், வலி மாத்திரை வயிற்றைக் கெடுக்கிறது என்று இதற்கு மாறுகிறார்கள். சிலர் மருந்துக்கடையில் தாங்களாகவே கேட்டு வாங்குகிறார்கள். சிலருக்கு வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் வாங்கி அனுப்புகிறார்கள். "மஞ்சள்தானே, தினமும் குழம்பில் போடுவதுதானே, இதில் என்ன ஆகிவிடும்?" என்று நம் மருத்துவ உதவிப் பிரிவில் பலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாகவே இதை எழுதுகிறோம்.

சுருக்கமான பதில் இதுதான்: சமையலில் போடும் மஞ்சளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். கேப்சூலில் இருப்பது அளவிலும் செயலிலும் வேறு பொருள். அது மிகச் சிலருக்குக் கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கிறது. அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆனால் பாதிப்பு தொடங்கினால் கண்டுபிடிக்க முடியும், உடனே நிறுத்தினால் பெரும்பாலும் குணமாகும்.

ஒரு கேப்சூலில் எவ்வளவு மஞ்சள்?

மஞ்சள் தூளில் குர்குமின் என்ற சத்து சுமார் 3 சதவீதம்தான் இருக்கிறது. நம் வீடுகளில் ஒருவர் சாப்பாட்டின் வழியாக ஒரு நாளைக்கு 2 அல்லது 3 கிராம் மஞ்சள் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் உடலுக்குள் போகும் குர்குமின் 60 முதல் 90 மில்லிகிராம்.

இப்போது ஒரு கேப்சூல் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். "குர்குமா லாங்கா எக்ஸ்ட்ராக்ட் 500 மில்லிகிராம், 95 சதவீதம் குர்குமினாய்டு" என்று பல பாட்டில்களில் போட்டிருக்கும். 500 மில்லிகிராமில் 95 சதவீதம் என்றால் 475 மில்லிகிராம் குர்குமின். காலையில் ஒன்று, இரவில் ஒன்று சாப்பிட்டால் ஒரு நாளைக்கு 950 மில்லிகிராம். இதே அளவு குர்குமின் மஞ்சள் தூளிலிருந்து வேண்டுமானால் 30 கிராமுக்கு மேல் சாப்பிட வேண்டும். அதாவது சின்ன ஸ்பூனில் சுமார் பத்து ஸ்பூன். அப்படி யாரும் சாப்பிடுவதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கணக்கு. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, உணவில் நிறத்துக்காகச் சேர்க்கும் குர்குமினுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 3 மில்லிகிராம் வரை என்பது அந்த வரம்பு. 60 கிலோ எடை உள்ளவருக்கு இது 180 மில்லிகிராம். மேலே சொன்ன இரண்டு கேப்சூல் அதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல்.

"கேப்சூல் ஹலாலா, ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது?" என்று பார்க்க நம்மில் பலர் லேபிளைப் படிக்கிறோம். அப்படியே இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

மிளகுச் சாறு எதற்கு?

குர்குமினுக்கு ஒரு குணம் உண்டு. எவ்வளவு விழுங்கினாலும் அதில் கொஞ்சம்தான் ரத்தத்துக்குள் போகும். பெரும்பகுதி மலத்தோடு வெளியேறிவிடும். உள்ளே போனதையும் குடலும் கல்லீரலும் சீக்கிரமே மாற்றிக் கழித்துவிடும். அதனால்தான் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டும் சமையல் மஞ்சள் தொந்தரவு செய்ததில்லை.

1998ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு 2 கிராம் குர்குமினோடு, மிளகின் காரச் சத்தான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, உடலில் சேரும் குர்குமின் 20 மடங்கு அதிகரித்தது. கழித்து வெளியேற்றும் வேலையைப் பைப்பரின் மந்தப்படுத்துகிறது. இன்று பல கேப்சூல்களில் பைப்பரின் சேர்த்திருப்பது இதனால்தான். வேறு சில தயாரிப்புகள் எண்ணெயோடு கலந்தோ மிக நுண்ணிய துகளாக்கியோ அதே வேலையைச் செய்கின்றன. "அதிக உறிஞ்சுதல்" என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருப்பது இதைத்தான்.

அப்படியானால் மஞ்சள், மிளகு போட்ட பால் ஆபத்தா என்று கேட்கலாம். இல்லை. ஒரு சிட்டிகை மஞ்சளில் இருக்கும் குர்குமின் அவ்வளவு குறைவு. கேப்சூலில் அளவும் அதிகம், உடலுக்குள் போகும் வழியும் திறந்துவிடப்படுகிறது. இரண்டும் சேர்வதுதான் சிக்கல்.

என்ன நடந்திருக்கிறது?

அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் மருத்துவர் குழு ஒன்று இருக்கிறது. மஞ்சள் தயாரிப்புகளால் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி அவர்கள் 2022ல் விவரம் வெளியிட்டார்கள். அதில் 8 பேர் பெண்கள். பெரும்பாலும் நடுத்தர வயதைத் தாண்டியவர்கள். கேப்சூல் சாப்பிட ஆரம்பித்து ஒன்று முதல் நான்கு மாதத்துக்குள் நோய் தெரிந்தது. 5 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவர் கல்லீரல் செயலிழந்து இறந்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகு தேறினார்கள்.

அவர்கள் சாப்பிட்டவற்றில் 7 தயாரிப்புகளைச் சோதித்தபோது ஏழிலும் மஞ்சள் இருந்தது, மூன்றில் மட்டும் பைப்பரின் இருந்தது. ஆகவே "என் பாட்டிலில் மிளகுச் சாறு இல்லை" என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது.

இன்னொன்றும் தெரிந்தது. 10 பேரில் 7 பேரிடம் ஹெச்.எல்.ஏ. பி 35:01 என்ற ஒரு மரபணு வகை இருந்தது. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் எதைத் தன்னுடையது, எதை அந்நியம் என்று பிரிப்பதில் பங்குள்ள மரபணு இது. இந்த வகை உள்ள சிலரின் உடல், குர்குமினைக் கழிக்கும் கல்லீரலையே எதிரியாக எண்ணித் தாக்குவதாகக் கருதப்படுகிறது. ஒரே பாட்டிலிலிருந்து கணவனும் மனைவியும் சாப்பிட்டு, ஒருவருக்கு ஒன்றும் ஆகாமல் மற்றவருக்கு மட்டும் காமாலை வருவது இப்படித்தான் நடக்கும். அதற்காக மரபணுப் பரிசோதனைக்குப் போக வேண்டியதில்லை. அந்த வகை உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை.

இத்தாலியில் 2019ல் இதேபோன்ற நோயாளிகள் அடுத்தடுத்து வந்தார்கள். 2022ல் அந்நாட்டு சுகாதார அமைச்சகம் மஞ்சள் தயாரிப்புகளின் லேபிளில் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 ஆகஸ்ட்டில் எச்சரிக்கை விட்டது. அதுவரை 18 புகார்கள் வந்திருந்தன. அவற்றில் 9 பேருக்கு மஞ்சள் தயாரிப்பே காரணமாக இருக்கலாம் என்று சொல்லும் அளவுக்கு விவரம் இருந்தது. ஒருவர் இறந்திருந்தார். லட்சக்கணக்கானோர் சாப்பிடும் பொருளில் இது மிகச் சிறிய எண்ணிக்கைதான். அரிது என்பது உண்மை. வந்தவருக்கு அது லேசானதல்ல என்பதும் உண்மை.

எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் அறிகுறிகள் சாதாரணமாகவே இருக்கும்: காரணமில்லாத அசதி, பசியின்மை, குமட்டல், வலது விலாவுக்குக் கீழே பாரம். பிறகு சிறுநீர் கட்டன் சாயா நிறத்துக்கு மாறும், உடம்பில் அரிப்பு வரும், கண் மஞ்சளாகும். சிலருக்கு மலம் வெளுத்துப்போகும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சொல்ல வேண்டும். கேப்சூல் சாப்பிடுபவர்களுக்கு மலம் மஞ்சளாகப் போவது உண்டு. அதனால் கண் மஞ்சளானாலும் "கேப்சூல் நிறம்தான்" என்று விட்டுவிட வாய்ப்பிருக்கிறது. எவ்வளவு மஞ்சள் சாப்பிட்டாலும் அதன் நிறம் கண்ணின் வெள்ளையில் ஏறாது. கண் மஞ்சளானால் அது காமாலைதான்.

இந்த அறிகுறிகளில் ஏதாவது வந்தால் கேப்சூலை அன்றே நிறுத்துங்கள். கீழாநெல்லி குடித்துப் பார்க்கலாம் என்று நாட்களைக் கடத்த வேண்டாம். மருத்துவரிடம் போய் எல்.எஃப்.டி. என்னும் கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். நம் பகுதிக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. அந்த அறிக்கையில் எஸ்.ஜி.பி.டி. என்ற எண் சாதாரணமாக 40க்குள் இருக்கும். இந்த வகைப் பாதிப்பில் அது பல நூறுகளாகவும், சிலருக்கு ஆயிரத்துக்கு மேலும் ஏறும்.

போகும்போது பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். இது முக்கியம். கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ காமாலையும் இதே அறிகுறிகளோடுதான் வரும். பித்தப்பைக் கல்லாலும் வரும். மருத்துவர் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து அவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகுதான் கேப்சூல் காரணம் என்று முடிவுக்கு வர முடியும். "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால், மஞ்சள் மருந்தல்ல என்று நினைத்துப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பாட்டில் மேசையில் இருந்தால் அந்தப் பிரச்சினை இல்லை.

காமாலையோடு பேச்சில் குழப்பம், பகலில் அதிகத் தூக்கம், ஈறிலோ மூக்கிலோ ரத்தக் கசிவு, கறுப்பு மலம், வயிறு வீக்கம் இருந்தால் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

குணமான பிறகு வேறு கம்பெனி மஞ்சள் கேப்சூலையும் தொடக்கூடாது. இரண்டாவது முறை பாதிப்பு விரைவாகவும் கடுமையாகவும் வரலாம்.

யார் தவிர்க்க வேண்டும்?

ஏற்கெனவே கல்லீரல் நோய் அல்லது பித்தப்பைக் கல் இருப்பவர்கள், முன்பு காமாலை வந்தவர்கள், கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம். காசநோய்க்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறோம். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. அதோடு இந்தக் கேப்சூலும் சேர்ந்து காமாலை வந்தால், எது காரணம் என்று தெரியாமல் காசநோய் மருந்தையே நிறுத்த வேண்டிய நிலை வரும். அது நோயாளிக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் கெடுதல்.

இப்போது கேப்சூல் சாப்பிட்டு வருபவர்கள் பதற்றப்பட வேண்டாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது சொல்லுங்கள். முழங்கால் வலிக்காகத் தொடர்ந்து எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னால், முதல் நான்கு மாதத்துக்குள் ஒரு எல்.எஃப்.டி. எடுக்கலாமா என்று கேளுங்கள்.

ஏதாவது மருந்தோ சப்ளிமெண்ட்டோ சாப்பிட்டுப் பாதிப்பு வந்ததாகச் சந்தேகம் இருந்தால், இந்திய அரசின் மருந்து பக்கவிளைவு கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024ல் பொதுமக்களே தெரிவிக்கலாம். இத்தாலியிலும் ஆஸ்திரேலியாவிலும் எச்சரிக்கை வந்தது, இப்படி ஒவ்வொருவராகத் தெரிவித்ததால்தான்.