பன்னிரண்டு பட்டைகள், இரண்டு வாரண்டிகள்

அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் கோடை வெயில் 43 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். 2012 கோடையில் அங்கே நிசான் லீஃப் மின்சாரக் கார் வைத்திருந்த சிலர், டாஷ்போர்டில் ஒரு மாற்றத்தைக் கவனித்தார்கள். பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் 12 சின்னப் பட்டைகளில் ஒன்றிரண்டு, சில கார்களில் அதற்கு மேலும், அணைந்துபோயிருந்தன. கார் வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

வாரண்டி எட்டு வருடம் இருக்கிறதே என்று புத்தகத்தைப் புரட்டியவர்களுக்கு அதிர்ச்சி. 8 வருடம் அல்லது 1,00,000 மைல் என்ற அந்த உறுதி, பேட்டரியின் தயாரிப்புக் குறைபாட்டுக்கு மட்டுமே. பயன்பாட்டாலும் காலத்தாலும் கொள்ளளவு மெல்லக் குறைவது அதில் சேராது என்று தெளிவாகவே அச்சிடப்பட்டிருந்தது. வழக்கு தொடுக்கப்பட்டது. 2012 டிசம்பரில் நிசான் இன்னொரு வாரண்டியை அறிவித்தது: 5 வருடம் அல்லது 60,000 மைலுக்குள் பட்டைகள் ஒன்பதுக்குக் கீழே போனால், சரிசெய்தோ மாற்றியோ ஒன்பதுக்கேனும் கொண்டுவருவோம்.

கவனியுங்கள், பன்னிரண்டுக்கு அல்ல, ஒன்பதுக்கு. ஒரே பேட்டரிக்கு இரண்டு உறுதிகள், இரண்டு காலக்கெடுக்கள். வாரண்டிப் புத்தகத்தைக் கையில் எடுப்பவர் முதலில் தேட வேண்டியது இந்தப் பிரிவைத்தான். ‘பேட்டரிக்கு 8 வருடம்’ என்று ஷோரூமில் சொல்லும்போது, அது பழுதுக்கா, கொள்ளளவுக்கும் சேர்த்தா என்பதைப் புத்தகம்தான் சொல்லும்.

பட்டைக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. முதல் பட்டை அணையக் கொள்ளளவு 15 சதவீதம் குறைய வேண்டும். அதன்பின் ஒவ்வொரு பட்டைக்கும் 6.25 சதவீதம். அதாவது பன்னிரண்டும் ஒளிர்கிற காரில் உண்மையில் 86 சதவீதமே மிச்சம் இருக்கலாம். பழைய கார் வாங்குபவர் ‘பட்டை முழுசா இருக்கு’ என்று நம்பி ஏமாறும் இடம் இது. நான்கு அணைந்து எட்டுக்கு வரும்போது மிஞ்சுவது ஏறக்குறைய 66 சதவீதம்.

இன்று பல நிறுவனங்கள் கொள்ளளவுக்கு வைக்கும் கோடு 70 சதவீதம்; காலக்கெடு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. (1,60,000 என்பது 1,00,000 மைலைக் கிலோமீட்டராக்கியதுதான்.) ‘எது முந்துகிறதோ’ என்பதில்தான் ஆளுக்கு ஆள் கணக்கு மாறும். தினம் 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு வருடக்கெடுதான் முதலில் முடியும். அப்போது மீட்டரில் 1,17,000-ஐ ஒட்டித்தான் இருக்கும். நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடும் டாக்ஸிக்கோ, 800 நாளில், இரண்டே கால் வருடத்துக்குள், எல்லாம் முடிந்துவிடும். வாடகைக் கார்களுக்கு விதிகளே வேறாக இருப்பதும் உண்டு. 2025-ல் டாடா நெக்ஸான் 45, கர்வ் மின்சாரக் கார்களுக்கு ‘ஆயுட்கால’ வாரண்டி அறிவித்தது. அதில் ஆயுட்காலம் என்பது 15 வருடம். சலுகை முதல் உரிமையாளருக்கு.

சரி, எவ்வளவு தேய்ந்தால் அது இயல்பு? 40 யூனிட் பேட்டரி, முழு சார்ஜில் 300 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஒன்றிரண்டு வருடத்தில் தேய்மானம் சற்று வேகமாகவும் பிறகு நிதானமாகவும் நடப்பது லித்தியம் பேட்டரிகளின் சுபாவம். 276 கிலோமீட்டராகக் குறைந்தால் அது 92 சதவீதம். எந்த நிறுவனமும் அசையாது. 213 ஆனாலும் 71 சதவீதம்தான். அப்போதும் கோட்டுக்கு மேலேதான். 28 யூனிட்டுக்குக் கீழே இறங்கினால்தான் பேச்சே தொடங்கும்.

ஆனால் ஓடும் தூரத்தை வைத்து வழக்காட முடியாது. ஏசி, டயரில் காற்று, நெடுஞ்சாலை வேகம் எல்லாமே அதை மாற்றும். வாரண்டி பேசுவது பேட்டரிக்குள் எத்தனை யூனிட் பிடிக்கிறது என்பதை. அதை எப்படி அளப்பது என்ற முடிவையும் பல ஒப்பந்தங்கள் நிறுவனத்தின் கையிலேயே விட்டிருக்கின்றன. வீட்டு மீட்டரில் ஏறிய யூனிட்டைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. சார்ஜ் ஆகும்போது ஒரு பங்கு வெப்பமாக வீணாகிவிடுகிறது.

சந்தேகத்துக்கு உண்மையான அறிகுறி வேறு: மாதக்கணக்கில் மெல்ல இறங்காமல், ஒரு சில வாரத்தில் சட்டென்று விழுவது, 25 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று 8-க்குத் தாவுவது. இது தேய்மானமாக இல்லாமல் ஏதோ ஒரு செல் பலவீனமானதாக இருக்கலாம். அப்படியென்றால் 70 சதவீதக் கோட்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, குறைபாட்டு வாரண்டியின் கீழேயே கேட்கலாம். வருடா வருடம் சர்வீஸின்போது பேட்டரி ஆரோக்கிய அளவீட்டை எழுத்தில் வாங்கி வைப்பவரிடம் அந்தச் சரிவுக்குச் சாட்சி இருக்கும். கடைசி அளவீட்டைக் கெடு முடிவதற்கு ஐந்தாறு மாதம் முன்பே எடுத்துவிட்டால், 69 என்று வந்தாலும் வாதாட அவகாசம் மிஞ்சும்.