கயிறு எவ்வளவு இழுக்கிறது?

பதினோராம் வகுப்பில் இயற்பியல் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் இது அடிக்கடி நடக்கும். புத்தகத்தில் ஒரு கணக்கு பிடிபடவில்லை. அதைக் கைபேசியில் படம் எடுத்து, அக்காவுக்கோ மாமாவுக்கோ டியூஷன் ஆசிரியருக்கோ அனுப்பி, 'விடை என்ன?' என்று கேட்பார்கள். அப்படி வருகிறவற்றில் கப்பிக் கணக்கு நிச்சயம் இருக்கும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். மேசைமேல் 3 கிலோ கட்டை. அதில் கட்டிய கயிறு மேசை விளிம்பிலுள்ள கப்பியின் மேல் வளைந்து இறங்குகிறது. மறுமுனையில் 2 கிலோ கட்டை தொங்குகிறது. மேசைக்கும் கட்டைக்கும் உராய்வுக் குணகம் 0.2. ஓய்வில் பிடித்து வைத்திருந்த கட்டைகளை விட்டுவிட்டால் கயிற்றின் இழுவிசை எவ்வளவு?

பலரும் உடனே சொல்லும் விடை 20 நியூட்டன். தொங்குவது 2 கிலோ, புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால் அதன் எடை 20, ஆகவே கயிற்றிலும் 20 என்பது அவர்கள் கணக்கு. இது தவறு. ஏன் தவறு என்பது, இரண்டு கட்டைகளையும் தனித்தனியே வரைந்தால் தானாகத் தெரியும்.

தனித்த பொருளின் விசைப்படம் என்று பாடநூல் சொல்வது இதைத்தான். மேசையையும் கப்பியையும் அழித்துவிட்டு, ஒரு கட்டையை மட்டும் வெறும் தாளில் ஒரு புள்ளியாக வைக்க வேண்டும். பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தக் கட்டையை எவையெல்லாம் தொடுகின்றன? தொடும் ஒவ்வொன்றும் ஒரு விசையைத் தரலாம். தொடாமலே இழுப்பது இந்தக் கணக்கில் பூமி மட்டும்.

தொங்கும் கட்டையைத் தொடுவது கயிறு ஒன்றுதான். எனவே அதற்கு இரண்டே அம்புகள். கீழ்நோக்கி எடை 20 நியூட்டன், மேல்நோக்கி இழுவிசை T. மேசைமேல் உள்ள கட்டையைக் கயிறும் மேசையும் தொடுகின்றன. ஆகவே அதற்கு நான்கு அம்புகள்: கீழ்நோக்கி எடை 30, மேல்நோக்கி மேசை தரும் செங்குத்து விசை, கப்பியை நோக்கி T, அதற்கு எதிராக உராய்வு. கயிறு இழுக்கும், ஒருபோதும் தள்ளாது. அதனால் T எப்போதும் கட்டையிலிருந்து கயிறு போகும் திசையில்தான் இருக்கும்.

இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. தொங்கும் கட்டையின் எடையான 20 நியூட்டனை மேசைக் கட்டையின் படத்திலும் வரைவது ஒன்று. தொங்கும் கட்டை மேசைக் கட்டையைத் தொடவே இல்லையே. தொடுவது கயிறு, அதற்கு T என்று வரைந்தாயிற்று. நிறையை முடுக்கத்தால் பெருக்கி வருவதையும் ஓர் அம்பாகப் போடுவது மற்றொன்று. அது விசைகள் சேர்ந்து தரும் விளைவு. சமன்பாட்டின் வலப்பக்கத்தில் வர வேண்டியது.

படம் சரியாக இருந்தால் கணக்கு எளிது. மேசைக் கட்டை மேலும் கீழும் நகராததால் செங்குத்து விசை 30. உராய்வு அதில் 0.2 பங்கு, அதாவது 6 நியூட்டன். கயிறு நீளாது என்பதால் இரு கட்டைகளுக்கும் ஒரே முடுக்கம் a.

தொங்கும் கட்டைக்கு: 20 − T = 2a
மேசைக் கட்டைக்கு: T − 6 = 3a

இரண்டையும் கூட்டினால் T மறைந்து 14 = 5a என்று வரும். முடுக்கம் 2.8. அதை முதல் சமன்பாட்டில் போட்டால் T = 20 − 5.6 = 14.4 நியூட்டன். இரண்டாவதில் போட்டுப் பார்த்தாலும் 6 + 8.4, அதே 14.4. இந்தச் சரிபார்ப்பை விட்டுவிடக் கூடாது.

ஏன் 20 இல்லை என்பது இப்போது புரியும். கட்டை கீழ்நோக்கி வேகம் கூட்டிக்கொண்டே இறங்க வேண்டுமானால், கீழே இழுக்கும் விசை மேலே இழுப்பதைவிடப் பெரிதாக இருந்தாக வேண்டும். இழுவிசையும் 20 ஆக இருந்தால் ஓய்வில் இருந்த கட்டை நகரவே நகராது.

கைபேசிப் படத்தால் வரும் வம்பு இனிமேல்தான். தாளில் நிழல் விழுந்து, 0.2 என்பது 0.8 போலத் தெரிந்தது என்று வையுங்கள். வித்தியாசத்தை உணராமல் அதே வழியில் போனால் உராய்வு 24, முடுக்கம் −0.8, இழுவிசை 21.6 என்று வரும். இந்த விடை என்ன சொல்கிறது? விட்டவுடன் தொங்கும் கட்டை தானாக மேலே ஏறும் என்கிறது. உராய்வு நகர்வைத் தடுக்கும், பின்னோக்கி இழுத்துக்கொண்டு போகாது. ஆகவே குறி எதிர்மறையாக வந்தால் உராய்வைப் பிழையாக வைத்திருக்கிறோம் என்று பொருள்.

உண்மையில் குணகம் 0.8 என்றால் நடப்பது வேறு. உராய்வு 24 வரை தாங்க வல்லது, இழுப்பதோ 20 மட்டும். கட்டை நகராது. உராய்வும் 24 ஆக நிற்காது, தேவையான 20 மட்டுமே தரும். அப்போதுதான் இழுவிசை சரியாக 20. அதனால்தான் சமன்பாடு எழுதுமுன்பே, கட்டை நகருமா நகராதா என்று பார்த்துவிட வேண்டும். ஓர் எண்ணின் வடிவம் மங்கியதால் கணக்கின் தன்மையே மாறிவிடுகிறது.

சாய்வாகப் பிடித்து எடுத்த படத்தில் கிடைமட்ட மேசைகூடச் சாய்தளம்போல் தெரியும். படத்தைப் பார்த்துக் கோணத்தை ஊகிக்கக் கூடாது. எழுதியிருக்கும் கோணத்தை மட்டும் நம்ப வேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது, வரைபடத்தை மட்டும் படம் எடுத்து வாசகத்தை வெட்டிவிடுவது. 'நிறையற்ற, உராய்வற்ற கப்பி' என்ற இரண்டு சொற்கள் அந்த வாசகத்தில்தான் இருக்கும். கயிற்றின் இரு பக்கமும் ஒரே T என்று நாம் எழுதியதற்கு, கயிற்றின் எடை பொருட்டில்லை என்பதோடு, அந்தச் சொற்களே உரிமை தந்தன. கப்பி 4 கிலோ நிறையுள்ள சீரான வட்டத்தட்டாக இருந்து, கயிறு வழுக்காமல் அதைச் சுழற்றினால், சுழற்றுவதற்கே ஒரு பங்கு விசை போய்விடும். வட்டத்தட்டுக்கு அதன் நிறையில் பாதியை, அதாவது 2 கிலோவை, மொத்த நிறையோடு சேர்க்க வேண்டும். 14 = 7a, முடுக்கம் 2. தொங்கும் பக்கம் இழுவிசை 20 − 4 = 16, மேசைப் பக்கம் 6 + 6 = 12. ஒரே கயிறு, இரண்டு இழுவிசைகள். இடைப்பட்ட 4 நியூட்டன்தான் கப்பியைச் சுழற்றுகிறது.

கப்பிக் கணக்கைப் படம் எடுத்து அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேள்வியின் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை படத்தில் வரட்டும். கூடவே, நீங்கள் வரைந்த விசைப்படத்தையும் அனுப்புங்கள். தவறு எந்த அம்பில் என்பதை அதைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.