இணைத்ததும் மூடிக்கொள்ளும் இஷ்யூ

கிட்ஹப்பில் ஒரு புல் ரிக்வெஸ்ட்டின் விளக்கத்தில் `Fixes #412` என்று எழுதினால், அது மெர்ஜ் ஆனவுடன் 412ஆம் எண் இஷ்யூவும் தானாகவே மூடப்பட்டுவிடும். இஷ்யூ என்பது “இங்கே ஒரு கோளாறு இருக்கிறது” என்று யாரோ பதிந்து வைத்த புகார். புல் ரிக்வெஸ்ட் என்பது “இதோ திருத்தம், சேர்த்துக்கொள்ளுங்கள்” என்ற விண்ணப்பம். இரண்டையும் கோக்கும் வேலையை ஒன்பது ஆங்கிலச் சொற்கள் செய்கின்றன: `close`, `closes`, `closed`, `fix`, `fixes`, `fixed`, `resolve`, `resolves`, `resolved`. இவற்றில் ஒன்றை எழுதி, அதையடுத்து இஷ்யூ எண்ணைப் போட்டால் போதும். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பது பொருட்டில்லை; நடுவில் ஒரு முக்காற்புள்ளி வந்தாலும் பாதகமில்லை. இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் பலர் யோசிக்காமல் எழுதுகிறார்கள். ஆனால் அந்தச் சொல் “கோளாறு தீர்ந்தது” என்று அறிவிப்பதில்லை. “இந்த நிரல் இயல்புக் கிளைக்குள் போனதும் அந்தப் புகாரை மூடு” என்று இயந்திரத்துக்கு இடும் கட்டளை அது. எழுதுபவர் முதலாவதை நினைத்து எழுதுகிறார். இயந்திரம் இரண்டாவதை மட்டும் நிறைவேற்றுகிறது. இதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

ஒரு எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். ஆவணங்களைப் பிடிஎஃப் ஆக மாற்றித் தரும் ஒரு செயலி இருக்கிறது என்று கொள்வோம். 412ஆம் இஷ்யூவில் ஒரு பயனர், பிடிஎஃப்பில் தமிழ் எழுத்துகள் சிதைந்து வருகின்றன என்று புகார் தந்திருக்கிறார். விசாரித்ததில் காரணம் இரண்டு என்று தெரிகிறது: விண்டோஸில் எழுத்துரு கோப்புக்குள் பதியவில்லை, ஆண்ட்ராய்டில் கொம்பும் காலும் எழுத்தோடு சேராமல் தனித்தனியாக நிற்கின்றன. 418ஆம் இஷ்யூ சின்னது, பக்க எண் அச்சாகவில்லை என்பது. ஒரு நிரலாளர் விண்டோஸ் பக்கத்துக் கோளாறையும் பக்க எண் கோளாறையும் சரிசெய்து, 431ஆம் புல் ரிக்வெஸ்ட்டை அனுப்புகிறார். விளக்கத்தில் நேர்மையாகவே எழுதுகிறார்:

```
Partly fixes #412, #418
```

படிக்கும் மனிதருக்கு இதில் குழப்பமில்லை. இயந்திரம் வேறு விதமாகப் படிக்கிறது. `Partly` என்ற சொல்லை அது பார்ப்பதே இல்லை. `fixes #412` என்ற தொடர் கிடைத்ததும் 412ஐக் கோத்துக்கொள்கிறது. காற்புள்ளிக்குப் பின்னால் வரும் 418க்கு முன்னால் மூடும் சொல் எதுவும் இல்லாததால், அதை வெறும் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்கிறது. மெர்ஜ் ஆனதும் பாதி வேலை மீதமிருக்கும் 412 மூடப்படுகிறது. முழுதாகச் சரியான 418 திறந்தே கிடக்கிறது. ஒரே வரியில் இரண்டு முடிவுகளும் தலைகீழ். “இது 412ஐத் தீர்க்கவில்லை” என்று எச்சரிக்கையாக `does not fix #412` என எழுதினாலும் இதே கதைதான். எதிர்மறைச் சொல்லையும் இயந்திரம் பொருட்படுத்தாது, `fix #412` மட்டுமே அதன் கண்ணில் படும். கிட்ஹப்பில் பல இஷ்யூக்களை மூட வேண்டுமானால் ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாகச் சொல் வேண்டும். கிட்லேபில் காற்புள்ளியிட்டு அடுக்கிய எண்கள் எல்லாமே மூடப்படும், `Implements` போன்ற சொற்களும் அங்கே செல்லும். ஓரிடத்தில் பழகிய கை மற்றோரிடத்தில் தவறுவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த நிரலாளர் சொல்ல நினைத்ததைச் சரியாகச் சொல்லும் வடிவம் இது:

```
Fixes #418
Refs #412
```

`Refs` என்பது மூடும் சொல் அல்ல. 412ஆம் இஷ்யூவின் பக்கத்தில் “இந்தப் புல் ரிக்வெஸ்ட் இதைக் குறிப்பிட்டது” என்று ஒரு தடம் மட்டும் விழும். புகார் திறந்தே இருக்கும்.

இரண்டாவது தவறு கிளையைப் பற்றியது. இதில் தவறியவருக்கு எச்சரிக்கை எதுவும் வருவதில்லை என்பதால், இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். விளக்கத்தில் உள்ள மூடும் சொல்லை, புல் ரிக்வெஸ்ட் இயல்புக் கிளையை நோக்கி இருந்தால் மட்டுமே கிட்ஹப் மதிக்கும். `main` இயல்புக் கிளையாக இருக்க, குழு `develop` கிளையில் வேலை செய்கிறது என்றால், `develop` நோக்கி அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்டில் `Fixes #418` என்று எழுதினாலும் இணைப்பும் உருவாகாது, மெர்ஜ் ஆனாலும் ஒன்றும் நடக்காது. பழைய வெளியீட்டுக்கான கிளையில் அவசரத் திருத்தம் சேர்க்கும்போதும் இதே நிலைதான். `develop` கிளையையே இயல்புக் கிளையாக்கினால் தீராதா என்று கேட்கலாம். சொல் வேலை செய்யும், ஆனால் திருத்தம் பயனரின் கைக்குப் போவதற்குப் பல வாரங்கள் முன்பே புகார் மூடப்பட்டுவிடும். புகார் தந்தவர் “மூடப்பட்டது” என்ற மின்னஞ்சலைப் பார்த்துச் செயலியைப் புதுப்பித்துப் பார்ப்பார். எழுத்துகள் அப்படியே சிதைந்திருக்கும். எந்தக் கிளையை இயல்பாக வைப்பது என்று முடிவுசெய்யும் குழு, தன் திட்டத்தில் “மூடியது” என்றால் என்ன பொருள் என்பதையும் அங்கேயே முடிவுசெய்துவிடுகிறது. அதை அறிந்து செய்ய வேண்டும்.

மூன்றாவது, கமிட் செய்தி. மூடும் சொற்கள் விளக்கத்தில் மட்டுமல்ல, கமிட் செய்தியில் இருந்தாலும் செல்லுபடியாகும். அந்தக் கமிட் இயல்புக் கிளையைச் சேர்ந்ததும் இஷ்யூ மூடப்படும். நம் எடுத்துக்காட்டில் நிரலாளர் விளக்கத்தைத் திருத்தி `Refs #412` என்று மாற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் அவசரத்தில் போட்ட கமிட்டில் `fix #412, first try` என்று இருந்தால், விளக்கத்தில் செய்த திருத்தம் எதற்கும் உதவாது. கமிட்டில் உள்ள சொல்லுக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. விளக்கம் அந்தப் புல் ரிக்வெஸ்ட்டோடு ஓரிடத்தில் நிற்கும். கமிட் ஊர் ஊராகப் போகும். அதை வேறு கிளைக்குப் பொறுக்கி எடுத்துச் செல்வார்கள், ஃபோர்க் செய்த களஞ்சியத்துக்குள் இழுத்துக்கொள்வார்கள். அந்தக் களஞ்சியம் தனக்கென இஷ்யூக்களை வைத்திருந்தால், `#412` அங்கே அதன் சொந்த 412ஐக் குறிக்கும். சம்பந்தமே இல்லாத ஒரு புகார் அங்கே மூடப்படலாம். மெர்ஜ் செய்ததைத் திரும்பப் பெறும்போதும் சங்கடம் வருகிறது. ரிவர்ட் செய்தால் நிரல் பழைய நிலைக்குப் போகும். மூடிய இஷ்யூ தானாகத் திறக்காது. போதாக்குறைக்கு, `git revert` பழைய கமிட்டின் தலைப்பை அப்படியே மேற்கோளிட்டுத் தன் தலைப்பில் வைத்துக்கொள்ளும். அந்தத் தலைப்பில் மூடும் சொல் இருந்திருந்தால், திருத்தத்தை நீக்கும் கமிட்டே மூடும் சொல்லை மறுபடி சுமந்துகொண்டு வரும்.

குபெர்னடீஸ் திட்டம் இதற்கு ஒரு தெளிவான எல்லையை வகுத்திருக்கிறது. புல் ரிக்வெஸ்ட்டின் விளக்கத்தில் மூடும் சொல் எழுதலாம். கமிட் செய்தியில் எழுதக் கூடாது. எழுதினால் அங்குள்ள தானியங்கி `do-not-merge/invalid-commit-message` என்ற லேபிளை ஒட்டிவிடும், அது நீங்கும் வரை மெர்ஜ் நடக்காது. ஆயிரக்கணக்கானோர் பங்களிக்கும் திட்டத்தில், கட்டளை ஓரிடத்தில் மட்டும் இருக்கட்டும், அதுவும் பரிசீலிப்பவர் பார்க்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்ற இந்த ஏற்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது. சிறிய குழுவும் தானியங்கி இல்லாமலே இதைப் பின்பற்றலாம். மெர்ஜுக்கு முன்னால் கிளையின் கமிட் செய்திகளை ஒருமுறை சலித்துப் பார்த்தால் போதும்:

```
git log main..HEAD --format=%B |
  grep -iE '(close[sd]?|fix(e[sd])?|resolve[sd]?):? [^ ]*#[0-9]+'
```

ஏதேனும் வரி வந்தால், அது வேண்டும் என்றே எழுதப்பட்டதா என்று பார்க்க வேண்டும். விளக்கத்தில் உள்ளதைச் சரிபார்ப்பது இன்னும் எளிது. புல் ரிக்வெஸ்ட் பக்கத்தின் ஓரத்தில் `Development` என்ற பகுதி இருக்கிறது. மெர்ஜ் ஆனால் எந்தெந்த இஷ்யூக்கள் மூடப்படும் என்று அங்கே பட்டியல் வரும். நம் நிரலாளர் அதைப் பார்த்திருந்தால் 412 இருப்பதும் 418 இல்லாததும் உடனே தெரிந்திருக்கும். `develop` கிளையை நோக்கி அனுப்பியவருக்கு அந்தப் பட்டியலில் சொல்லால் சேர்ந்த இஷ்யூ எதுவுமே இராது. ஆனால் கமிட்டில் மட்டும் இருக்கும் சொல்லால் மூடப்படப்போகும் இஷ்யூ இந்தப் பட்டியலில் வராது. ஆகவே ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை விடுவது போதாது.

தவறாக மூடினால் என்ன, மறுபடி திறக்க ஒரு சொடுக்குதானே என்று சொல்பவர்கள் உண்டு. பராமரிப்பாளருக்கு அது ஒரு சொடுக்குதான். புகார் தந்தவருக்கு அப்படியில்லை. களஞ்சியத்தில் எழுதும் உரிமை இல்லாத பயனர், தானே மூடிய இஷ்யூவைத்தான் தானே திறக்க முடியும். பராமரிப்பாளர் மெர்ஜ் செய்து மூடியதை அவரால் திறக்க முடியாது. “இன்னும் சரியாகவில்லை” என்று மூடிய பக்கத்தின் அடியில் பின்னூட்டம் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். இஷ்யூ பட்டியலோ திறந்திருப்பவற்றை மட்டுமே முதலில் காட்டும். அதே கோளாறைச் சந்திக்கும் அடுத்தவர் அந்தப் பட்டியலில் தேடி, கிடைக்காமல், புதிதாக ஒரு புகாரைப் பதிவார். ஆண்ட்ராய்டு பக்கத்துக் கொம்புச் சிக்கலைப் பற்றி 412இல் ஏற்கெனவே சேர்ந்த தகவல்கள் ஒரு மூலையில் கிடக்க, விசாரணை முதலிலிருந்து தொடங்கும்.

அப்படியானால் இந்தச் சொற்களையே விட்டுவிட்டு, கையால் மூடிக்கொள்ளலாமே என்ற வாதமும் எழும். அதை நான் ஏற்கவில்லை. கையால் மூட வேண்டியவை மறந்துபோகும். தீர்ந்த புகார்கள் திறந்தே குவியும். பட்டியலைப் பார்த்து வேலையைத் தேர்ந்தெடுக்கும் புதியவர் ஏற்கெனவே முடிந்த வேலையில் நேரத்தைச் செலவிடுவார். மூடுவதைவிட முக்கியமான பயன் ஒன்றும் இருக்கிறது. ஐந்து ஆண்டு கழித்து ஒரு வரி ஏன் இப்படி எழுதப்பட்டது என்று தேடுபவர், கமிட்டிலிருந்து புல் ரிக்வெஸ்ட்டுக்கும், அங்கிருந்து அதைத் தூண்டிய புகாருக்கும் போக வழி செய்வது இந்த இணைப்புதான். மூடுவது வேண்டாம், இணைப்பு மட்டும் வேண்டும் என்னும் குழுவுக்கும் வழி உண்டு. களஞ்சியத்தின் அமைப்புகளில், இணைத்த புல் ரிக்வெஸ்ட் மெர்ஜ் ஆகும்போது இஷ்யூ தானாக மூடப்படும் வசதியை நிறுத்திவிடலாம். இணைப்பு அப்படியே தொடரும். சோதனையாளர் தனியாகப் பார்த்து உறுதிசெய்த பிறகே புகாரை மூடும் குழுக்களுக்கு இதுவே பொருந்தும். மெர்ஜ் ஆனதுமே பயனரைச் சென்றடையும் இணையச் செயலி போன்றவற்றுக்குத் தானாக மூடுவதே வசதி. நம் பிடிஎஃப் செயலி மாதம் ஒருமுறைதான் வெளியாகிறது என்றால், அமைப்பை நிறுத்திவிட்டு, வெளியீட்டு நாளில் அதில் அடங்கிய புல் ரிக்வெஸ்ட்டுகளை எடுத்து, அவை ஒவ்வொன்றோடும் இணைந்த இஷ்யூக்களைப் பார்த்து மூடுவேன். 418 அன்றைக்கு மூடப்படும். 412 ஆண்ட்ராய்டுத் திருத்தம் வரும் வரை திறந்திருக்கும்.