இருமொழி மருத்துவக் குறிப்பை ஆங்கில ஆவணமாகச் செப்பனிடல்: சொல், எதிர்மறை, எழுவாய்

ஆய்வுச் சுருக்கம்

தமிழும் ஆங்கிலமும் கலந்து மருத்துவர் வாய்மொழியாகச் சொல்லும் குறிப்புகளை ஒரே சீரான ஆங்கில ஆவணமாக மாற்றும்போது, மருத்துவக் கலைச்சொற்கள் பெரும்பாலும் பிழையின்றி வந்துசேர்கின்றன. பிழை நேர்வது அவற்றைச் சூழ்ந்துள்ள தமிழ்த் தொடரமைப்பில்தான். ‘மயக்கம்’ என்னும் சொல்லின் பல்பொருள் தன்மை, இறுதியில் நிற்கும் ‘இல்லை’யின் ஆட்சி எல்லை, தோன்றா எழுவாய் ஆகிய மூன்றையும் ஒரு மாதிரிக் குறிப்பின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மருத்துவக் குறிப்பு, மொழிக்கலப்பு, செவ்வெண், தோன்றா எழுவாய், கலைச்சொல்

முன்னுரை

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. இத்தகைய இடங்களுக்கு உத்திரமேரூர் போன்ற ஊரகப் பகுதிகளிலிருந்து வரும் நோயாளர் தம் துன்பத்தைப் பேச்சுத் தமிழில் சொல்கின்றனர். மருத்துவர் அதை ஆங்கிலக் கலைச்சொற்களோடு கலந்து சொல்ல, ஆவணம் ஆங்கிலத்தில் அமைகிறது.

இந்திய அரசு 2013-இல் வெளியிட்டு 2016-இல் திருத்திய மின்னணு நலவாழ்வு ஆவணத் தரநிலைகள், ஸ்நோமெட் சிடி என்னும் கலைச்சொல் தொகுதியைப் பரிந்துரைக்கின்றன. அத்தொகுதியில் தலைசுற்றலும் நினைவிழப்பும் வெவ்வேறு கருத்துருக்கள். ஓர் அறிகுறி இல்லை என்பதும், நோய் குடும்பத்தாருக்கு உரியது என்பதும் தனிச் சூழல் குறிப்புடன் பதியப்பட வேண்டியவை. ஆகவே செப்பனிடுவோர் எந்தச் சொல்லைத் தேர்கிறார் என்பதே எந்தக் கருத்துரு பதிவாகும் என்பதை முடிவு செய்கிறது.

மாதிரிக் குறிப்பு

பின்வருவது விளக்கத்திற்காக அமைக்கப்பட்டது. எந்த மருத்துவமனையின் ஆவணமும் அன்று.

“பேஷண்ட் ஐம்பத்திரண்டு வயசு ஃபீமேல். மூணு நாளா மயக்கமா இருக்குன்னு வந்திருக்காங்க. காய்ச்சல், வாந்தி, நெஞ்சுவலி எதுவும் இல்ல. நோன் டைப் டூ டயாபெட்டிஸ், மெட்ஃபார்மின் ஃபைவ் ஹண்ட்ரட் பிடி. அம்மாவுக்கும் சுகர் இருக்கு. பத்து வருஷமா இன்சுலின் போட்டுக்கறாங்க. பிபி நூத்தி முப்பது பை எண்பது, சிபிஜி அறுபத்தெட்டு.”

மாறாமல் நிற்க வேண்டியவை

மருந்தின் பெயர், அளவு, நோயின் பெயர், அளவீட்டு எண் ஆகியவை சொன்னபடியே நிற்க வேண்டும். ஒலிப்பில் இடர் தருவன சுருக்கக் குறிகளே. நாளுக்கு இருமுறை என்பதைக் குறிக்கும் ‘பிடி’யும், ஒருமுறை என்பதைக் குறிக்கும் ‘ஓடி’யும் தமிழ் வினைச்சொற்களாகவும் கேட்கும். ‘ஓடி’க்குரிய ஆங்கில எழுத்துகள் கண் மருத்துவத்தில் வலக்கண்ணையும் குறிக்கும். எனவே இவற்றை விரித்தெழுதுவதே பொருத்தம்.

தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடும் கலைச்சொற்களும் உள்ளன. சிறுகுடலின் இறுதிப் பகுதியும் இடுப்பெலும்பும் ‘இலியம்’ என்றே எழுதப்படும். ஆங்கிலத்தில் ஓரெழுத்தே வேறுபடும். குறிப்பு குடலைப் பற்றியதா எலும்பைப் பற்றியதா என்று பார்த்தே எழுத்தைத் தெரிவு செய்ய இயலும்.

‘மயக்கம்’: வடிவம் தரும் சான்று

‘மயக்கம்’ தலைசுற்றலையும், நினைவிழப்பையும், சோர்ந்த தெளிவற்ற நிலையையும் சுட்டும். இவற்றுள் எது என்பதற்கு இலக்கண வடிவம் ஓரளவு சான்று தருகிறது. ‘மயக்கமா இருக்கு’ என்பதில் சொல் ‘ஆக’ ஏற்று வினையடையாகி, தொடர்ந்து உணரப்படும் நிலையைக் காட்டுகிறது. ‘மயக்கம் போட்டு விழுந்தாங்க’ என்பது முடிந்துபோன ஒரு நிகழ்வு. மாதிரிக் குறிப்பில் ‘மூணு நாளா’ என்னும் கால அளவும் முதல் வகையையே வலியுறுத்துகிறது.

ஆயினும் நோயாளர் சொல்லை நோய்ப்பெயராக உயர்த்துவது செப்பனிடுவோர் பணியன்று. நினைவிழப்பையோ, சுழல்வது போன்ற உணர்வையோ குறிக்கும் கலைச்சொல்லை இங்கு இட்டால், மருத்துவர் சொல்லாத முடிவு ஒன்று ஆவணத்தில் நுழையும். பொதுவான ஆங்கிலச் சொல்லை இட்டு, அருகில் மூலச்சொல்லை ஒலிபெயர்த்து வைத்தால், பின்னர் படிப்பவர் நோயாளரை மீண்டும் வினவ வழியிருக்கும்.

செவ்வெண்ணும் எதிர்மறையும்

‘காய்ச்சல், வாந்தி, நெஞ்சுவலி எதுவும் இல்ல’ என்பதில் பெயர்கள் உம்மை பெறாமல் செவ்வெண்ணாக அடுக்கி நிற்க, ‘எதுவும்’ அவற்றைத் தொகுக்கிறது. ‘இல்லை’ மூன்றையும் ஆள்கிறது. ஆங்கிலத்திலோ எதிர்மறை முன்னே வரும். அதை முதற்சொல்லுக்கு மட்டும் இட்டு, மற்றவற்றை ‘உம்’ பொருள்தரும் இணைப்புச் சொல்லால் சேர்த்தால், வாந்தியும் நெஞ்சுவலியும் இருப்பதாகப் படிக்க இடமுண்டு. மருத்துவர் ‘நெஞ்சுவலி’க்குப் பின் சற்று நிறுத்தி, தட்டச்சாளர் அங்கே தொடரை முடித்தாலும் மூன்று அறிகுறிகளும் உடன்பாடாகிவிடும். பட்டியலின் ஒவ்வொரு பெயருக்கும் எதிர்மறையைத் தனித்தனியே இடுவது இவ்விரண்டையும் தவிர்க்கும். அறிகுறிப் பட்டியலுக்குப் பின் ‘எதுவும் இல்ல’ தனித்து நிற்பதே இப்பிழை நேர்ந்ததற்கான அடையாளம்.

தோன்றா எழுவாய்

‘பத்து வருஷமா இன்சுலின் போட்டுக்கறாங்க’ என்னும் தொடரில் எழுவாய் வெளிப்படவில்லை. முந்தைய தொடரில் தாய் வருவதால் அவரே எழுவாய் என்று கொள்ளத் தோன்றும். ஆனால் மருத்துவர் நோயாளரையும் ‘வந்திருக்காங்க’ என மரியாதைப் பன்மையிலேயே சுட்டியிருக்கிறார். வினைமுற்று விகுதி இருவருக்கும் பொதுவாக இருப்பதால் இலக்கணம் இங்குத் தீர்வு தருவதில்லை.

ஆங்கிலத் தொடருக்கு எழுவாய் வேண்டும் என்பதால் செப்பனிடுவோர் ஒருவரைத் தேர்ந்தாக வேண்டிய நெருக்கடி எழுகிறது. தேர்வின் விளைவை இறுதி எண் காட்டுகிறது. டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழான குருதிச் சர்க்கரை தாழ்நிலையாகக் கருதப்படும். இங்கு அது 68. மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்வோர்க்கு இத்தாழ்வு அரிது. இன்சுலின் போடுவோர்க்கு இயல்பாக நேரக்கூடியது. இன்சுலின் நோயாளருக்கு உரியதாக இருந்து தாயின் பெயரில் பதிவானால், மயக்கத்திற்கான காரணமே ஆவணத்திலிருந்து மறையும். தாய்க்கு உரியதை நோயாளர்மேல் ஏற்றினாலோ, போடாத மருந்து அவரது மருந்துப் பட்டியலில் சேரும். எனவே எழுவாயை ஊகிக்காமல், வினாவாகக் குறித்து மருத்துவரிடம் திருப்பி அனுப்புவதே சரியான செப்பனிடல்.

செப்பனிட்ட ஆவணம்

```
Age/Sex: 52 / Female
Complaint: Giddiness ("mayakkam") for 3 days
No fever. No vomiting. No chest pain.
Known type 2 diabetes mellitus,
  on metformin 500 mg twice daily
Family history: Mother - diabetes (type not stated)
QUERY: Insulin for 10 years - patient or mother?
BP: 130/80 mmHg
Capillary blood glucose: 68 mg/dL
```

தாய்க்குரிய ‘சுகர்’ வகை சுட்டப்படாத நீரிழிவாகவே பதிவாகிறது; நோயாளருக்குச் சொன்ன ‘டைப் டூ’வைத் தாய்க்கும் நீட்டிக்கச் சான்று இல்லை. குறிப்பில் சொல்லப்படாத அலகுகள் வழக்கு நோக்கிச் சேர்க்கப்பட்டவை. வேறு அலகில் அந்த எண்கள் பொருந்தா என்பதால் இச்சேர்க்கை ஏற்புடையது.

முடிவுரை

மாதிரிக் குறிப்பின் கூறுகள் மூவகைப்படுகின்றன. கலைச்சொல்லும் எண்ணும் காக்கப்பட வேண்டியவை. அறிகுறிச் சொல்லும் எதிர்மறையும் தமிழிலக்கணத் துணையுடன் பெயர்க்கப்பட வேண்டியவை. மொழிக்குள் விடை இல்லாத தோன்றா எழுவாய் மருத்துவரிடம் திரும்ப வேண்டியது. வினா நீங்காத ஆவணம் முற்றுப்பெறாதது போலத் தோன்றினாலும், மருத்துவர் சொன்னதற்கு அதுவே உண்மையாக நிற்கிறது. எழுவாய் ஊகித்து நிரப்பப்பட்ட ஆவணத்தைப் படிப்பவருக்கு அங்கே ஓர் ஐயம் இருந்தது என்பதே தெரியாமல் போகும்.