திருத்தினால் தப்பாகும் ரிப்போர்ட்

மூன்று ஷிப்டு ஓடும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். வாசலில் கைரேகை மெஷின். உள்ளே வரும்போது ஒரு பஞ்ச், வெளியே போகும்போது ஒரு பஞ்ச். மெஷினுக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: யார், எத்தனை மணிக்கு. வந்தாரா போனாரா, எந்த ஷிப்டு, எத்தனை மணி நேர வேலை என்பதையெல்லாம் அதற்குப் பின்னால் இருக்கும் 'க்வெரி'தான் முடிவு செய்கிறது. டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் சில வரிகள், அவ்வளவுதான். ஆனால் மாதக் கடைசியில் சம்பளம் அதை நம்பித்தான் போடப்படுகிறது.

அந்த க்வெரியைப் பார்த்துக்கொண்டிருந்த அனலிஸ்ட் வேலையை விட்டுப் போகிறார். போகும்முன் அடுத்தவருக்கு ஒரு ஹேண்ட்ஓவர் நோட் எழுதித் தர வேண்டும். எந்த டேபிள் எங்கே இருக்கிறது, ரிப்போர்ட் எப்போது ஓடும் என்பதைப் புதியவர் தானே தேடிக் கண்டுபிடித்துவிடுவார். க்வெரியில் உள்ள கோணல்கள் எவை, அவற்றை யார் எப்படிச் சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது மட்டும் பழைய ஆள் சொன்னால்தான் தெரியும்.

முதல் கோணல் நைட் ஷிப்டு. ஒரு தொழிலாளி திங்கள் இரவு 9.52-க்கு உள்ளே வருகிறார், செவ்வாய் காலை 6.07-க்கு வெளியே போகிறார். மறுபடி செவ்வாய் இரவு 9.50-க்கு வந்து புதன் காலை 6.05-க்குக் கிளம்புகிறார். இரண்டு இரவும் 8 மணி 15 நிமிடம் வேலை. ஒவ்வொரு தேதிக்கும் முதல் பஞ்சை வருகையாகவும் கடைசிப் பஞ்சை வெளியேற்றமாகவும் எடுக்கும் சாதாரண க்வெரி இதை எப்படிப் பார்க்கும்? திங்களன்று ஒரே ஒரு பஞ்ச்: வந்தார், போகவில்லை. செவ்வாயன்று காலை 6.07, இரவு 9.50: ஆக 15 மணி 43 நிமிடம் வேலை! அவர் வீட்டில் தூங்கிய நேரமெல்லாம் டியூட்டியாகிவிட்டது. நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம் என்று வைத்திருந்த 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின்படி கணக்குப் போட்டால், இல்லாத ஓவர்டைம் 6 மணி 43 நிமிடம்.

அதே சட்டத்தின் 57-வது பிரிவு இந்தச் சிக்கலை நேராகவே தீர்த்துவைத்திருந்தது. நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டில், நள்ளிரவுக்குப் பிறகு செய்த வேலை முந்தைய நாள் கணக்கில் சேரும். இதை க்வெரியில் கொண்டுவர, பஞ்ச் நேரத்திலிருந்து 7 மணி நேரத்தைக் கழித்துவிட்டுத் தேதியை எடுத்தால் போதும். செவ்வாய் காலை 6.07 என்பது திங்கள் இரவு 11.07 ஆகிவிடும். எல்லோருக்கும் அப்படியே கழித்துவிட முடியாது. காலை 6 மணி ஷிப்டுக்கு 5.48-க்கே வந்து நிற்பவரின் வருகை முந்தைய நாளுக்குப் போய்விடும். ஆகவே வாராந்திர ஷிப்டு பட்டியலைப் பார்த்து, நைட்காரர்களுக்கு மட்டும் கழிக்கிறார்கள்:

```sql
CASE WHEN r.shift = 'NIGHT'
     THEN CAST(p.punch_time - INTERVAL '7 hours' AS date)
     ELSE CAST(p.punch_time AS date)
END AS work_date
```

இதிலும் ஓர் ஓட்டை மிச்சம் இருக்கிறது. ஷிப்டு பட்டியல் திங்களன்று மாறும். ஞாயிறு வழக்கமாக விடுமுறை என்பதால் தொந்தரவில்லை. அவசர ஆர்டருக்காக ஞாயிறு இரவும் ஓட்டினால், திங்கள் காலை 6.04-க்கு வெளியே போகிறவர் அன்றைய பட்டியலில் இரண்டாம் ஷிப்டுக்காரராகிவிட்டிருப்பார். கழித்தல் நடக்காது. அதே நாள் மதியம் மறுபடி வந்து இரவு 10.06-க்குப் போனால் ரிப்போர்ட்டில் 16 மணி 2 நிமிடம். 'நைட் ஷிப்டில் பிரச்சினை வரும்' என்று நோட்டில் எழுதினால் யாருக்கும் பயனில்லை. 'ஞாயிறு டியூட்டி போட்ட வாரங்களில், திங்கட்கிழமை 12 மணி நேரத்துக்கு மேல் காட்டும் வரிகளைத் தனியாக எடுத்துப் பார்க்கவும்' என்று எழுதினால் புதியவர் தப்பிப்பார்.

இரண்டாவது கோணல், மாதம் முழுக்க வராதவர்கள் ரிப்போர்ட்டிலிருந்தே காணாமல் போவது. க்வெரியில் இருப்பது இது:

```sql
FROM employees e
LEFT JOIN punches p ON p.emp_id = e.emp_id
WHERE p.punch_time >= '2025-06-01'
```

ஊழியர் பட்டியலில் உள்ள எல்லோரையும் எடு, பஞ்ச் இருந்தால் பக்கத்தில் ஒட்டு, இல்லாவிட்டால் வெற்றிடம் விடு. `LEFT JOIN` சொல்வது இதைத்தான். ஆனால் அடுத்த வரி, பஞ்ச் நேரம் ஜூன் 1-க்குப் பிறகு இருக்க வேண்டும் என்கிறது. வெற்றிடத்துக்கு நேரமே கிடையாது, எனவே அந்த வரி வடிகட்டப்படுகிறது. மே மாதத்தோடு பஞ்ச் நின்றுபோனவருக்கும் அதே கதி. பிரசவ விடுப்பில் இருப்பவர், விபத்தில் அடிபட்டு மாதக் கணக்கில் வராதவர் எல்லாம் ஆப்சென்ட் என்றுகூடக் காட்டப்படாமல் மறைந்துவிடுகிறார்கள். ரிப்போர்ட்டின் ஆள் எண்ணிக்கையையும் ஊழியர் பட்டியலின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டால் இது உடனே தெரியும்.

தேதி நிபந்தனையை `WHERE`-லிருந்து எடுத்து `ON`-க்குப் பின்னால் சேர்த்தால் சரியாகிவிடும். ஒரு நிமிட வேலை. புதிதாக வரும் கெட்டிக்காரர் முதல் வாரமே அதைச் செய்துவிடுவார், அங்கேதான் வம்பு ஆரம்பிக்கும். சம்பளப் பிரிவு கிளார்க் பல வருடங்களாக, விடுப்புப் பதிவேட்டைப் பார்த்து அந்த ஆட்களை எக்செல் ஷீட்டின் அடியில் கையால் சேர்த்துக்கொண்டிருக்கிறார். க்வெரியைத் திருத்திய மாதம் அதே ஆட்கள் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை என்று இரண்டு தடவை வந்து நிற்பார்கள்.

மாதக் கடைசித் தேதியிலும் இதே கதைதான். `BETWEEN '2025-06-01' AND '2025-06-30'` என்று எழுதினால், 30-ம் தேதி என்பதை டேட்டாபேஸ் அன்று நள்ளிரவு 12.00 என்றே எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அன்று விழும் பஞ்சுகள் எல்லாம் வெளியே. யாரும் க்வெரியைத் தொடவில்லை. "சார், ஜூன் மாச ரிப்போர்ட்டுக்கு முடியுற தேதி ஜூலை ஒண்ணுன்னு போடுங்க, அப்பத்தான் வரும்" என்பது அலுவலகத்தில் வாய்மொழி விதியாகிவிட்டது. க்வெரியைச் சரிசெய்து இந்த விதியை மாற்றாவிட்டால், ஜூலை 1-ம் தேதி முழுசாக ஜூன் சம்பளத்தில் ஏறிவிடும்.

ஆகவே ஒவ்வொரு கோணலுக்கும் நோட்டில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: ரிப்போர்ட்டில் அது எப்படித் தெரியும், ஏன் வருகிறது, யார் எந்த ஷீட்டில் கையால் ஈடுகட்டுகிறார், அதை மாற்றினால் யாரிடம் முதலில் சொல்ல வேண்டும். மூன்றாவதைத்தான் பெரும்பாலான நோட்டுகள் விட்டுவிடுகின்றன, ஏனென்றால் அது க்வெரிக்குள் எங்குமே எழுதப்பட்டிருக்காது. கிளார்க்கின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மாதச் சம்பளம் போடுவதை முழுசாகப் பார்த்தால்தான் எழுத முடியும்.

திருத்த விரும்புபவருக்கும் நோட்டில் ஒரு வழி சொல்லி வைக்கலாம். பழைய க்வெரியை அப்படியே விட்டுவிட்டு, திருத்தியதை வேறு பெயரில் வைத்து, சம்பளம் போட்டு முடிந்த ஒரு மாதத்துக்கு இரண்டையும் ஓட்ட வேண்டும். வித்தியாசப்படும் ஒவ்வொரு வரிக்கும் நோட்டில் காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காரணம் இல்லாத ஒரு வரி கிடைத்தாலும், யாரும் சொல்லாமல் விட்ட இன்னொரு கைத்திருத்தம் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். அது யாருடையது என்று தெரியும்வரை பழைய க்வெரியிலேயே சம்பளம் போடட்டும்.