வரிக்கு உதவும் வீட்டுக் கணக்கு

இந்தியாவில் வருமான வரிக்கான ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. வீட்டுக் கணக்கு நோட்டும் அந்த ஒழுங்கிலேயே இருக்க வேண்டும். ஜனவரியில் தொடங்கும் டைரி இதற்கு உதவாது. மாதத்துக்கு ஒரு பக்கம், அதில் வரவு, பிடிக்கப்பட்ட வரி, கழிவுக்குரிய செலவு என மூன்று பத்திகள் போதும்.

பலர் தவறுவது வரவுப் பத்தியில்தான். வைப்புத்தொகைக்கு ஒரு காலாண்டில் 20,000 ரூபாய் வட்டி சேர்ந்து, வங்கி 10 சதவீத வரியைப் பிடித்தால், கணக்கில் 18,000 ரூபாய்தான் ஏறும். பாஸ்புக்கைப் பார்த்து 18,000 என்று எழுதினால் வருமானம் குறைந்துவிடும், கட்டிய வரியும் கண்ணில் படாது. வரவில் 20,000, வரியில் 2,000 என்று எழுதுவதே சரி. சம்பளத்துக்கும் இதே விதிதான்: பிடித்தங்களுக்கு முந்தைய தொகையைச் சம்பளச் சீட்டிலிருந்து எடுக்க வேண்டும்.

மூன்றாவது பத்தி பழைய வரி முறையில் இருப்போருக்கே பெரிதும் பயன்படும். புதிய முறையில் பெரும்பாலான கழிவுகள் இல்லை. இங்கே ரசீதை வரிவரியாகப் படிக்க வேண்டும். பள்ளி ரசீது 45,000 ரூபாய், அதில் கல்விக் கட்டணம் 30,000 என்றால், பத்தியில் ஏறுவது 30,000 மட்டுமே. பேருந்துக் கட்டணமும் வளர்ச்சி நிதியும் சேராது. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் கழிவு கிடையாது என்பதால், எப்படிச் செலுத்தப்பட்டது என்பதையும் குறிப்பது நல்லது.

வரிப் பத்தியின் கூட்டுத்தொகையை, வருமான வரித் தளத்தில் பான் எண்ணின் பேரில் உள்ள பதிவோடு அவ்வப்போது ஒப்பிட வேண்டும். பிடித்தவர்கள் காலாண்டுக் கணக்கைத் தாக்கல் செய்த பிறகே அது அங்கே தெரியும். அதற்குப் பிறகும் காணவில்லை என்றால் வங்கியிடமோ நிறுவனத்திடமோ கேட்டுத் திருத்தச் சொல்ல வேண்டும்.