கால் விலை தெரிந்தால் புட் விலை தெரியும்

ஒரு பங்கின் இன்றைய விலை 1010 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்று மாதத்தில் முடியும், 1020 ரூபாய் ஸ்டிரைக் கொண்ட கால் ஆப்ஷன் 60 ரூபாய்க்குப் போகிறது. அதே ஸ்டிரைக், அதே எக்ஸ்பைரி கொண்ட புட் ஆப்ஷனில் இன்று வியாபாரமே நடக்கவில்லை. அதன் விலை என்னவாக இருக்க வேண்டும்? பங்கு ஏறுமா இறங்குமா என்ற ஆரூடம் இதற்குத் தேவையில்லை. மூன்று மாத வட்டி மட்டும் தெரிந்தால் போதும். அது 2 சதவீதம் என்போம்.

கால் வைத்திருப்பவர் எக்ஸ்பைரி அன்று பங்கை 1020 ரூபாய்க்கு வாங்கலாம். புட் வைத்திருப்பவர் 1020 ரூபாய்க்கு விற்கலாம். இரண்டும் உரிமைதான், கட்டாயம் இல்லை. இனி இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் ஒரு காலை வாங்கி, கூடவே 1000 ரூபாயை 2 சதவீத வட்டிக்குப் போட்டு வைக்கிறார். மூன்று மாதத்தில் அது 1020 ரூபாய் ஆகிவிடும். இரண்டாமவர் ஒரு பங்கையும் ஒரு புட்டையும் வாங்கி வைக்கிறார்.

எக்ஸ்பைரி அன்று பங்கு 1100 ரூபாயில் நிற்கிறது. முதலாமவர் கையிலுள்ள 1020 ரூபாயைக் கொடுத்து 1100 ரூபாய்ப் பங்கை வாங்கிக்கொள்கிறார். இரண்டாமவர் புட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறார். அவரிடமும் 1100 ரூபாய்ப் பங்கு இருக்கிறது. மாறாக, பங்கு 900 ரூபாய்க்கு விழுந்தால்? முதலாமவர் காலை மறந்துவிடுவார். 1020 ரூபாய் பணம் அப்படியே இருக்கும். இரண்டாமவர் புட்டைப் பயன்படுத்திப் பங்கை 1020 ரூபாய்க்கு விற்றுவிடுவார். வேறு எந்த விலையைப் போட்டுப் பார்த்தாலும் இருவர் கையிலும் ஒரே தொகைதான் மிஞ்சும்.

முடிவில் எப்போதும் ஒரே மதிப்புள்ள இரண்டு மூட்டைகளுக்கு இன்று இரண்டு விலை இருக்க முடியாது. ஆக:

C + K/(1+r) = P + S

இதில் C கால் விலை, P புட் விலை, S பங்கு விலை, K ஸ்டிரைக், r எக்ஸ்பைரி வரையிலான வட்டி. நம் கணக்கில் 60 + 1000 = P + 1010. புட்டின் விலை 50 ரூபாய்.

யாராவது அந்தப் புட்டை 42 ரூபாய்க்கு விற்க வந்தால் என்ன ஆகும்? பங்கையும் புட்டையும் வாங்கி, காலை விற்றுவிட வேண்டியதுதான். 1010 + 42 - 60 = 992 ரூபாய் செலவு. பங்கு எங்கே போனாலும் எக்ஸ்பைரி அன்று கைக்கு வருவது 1020 ரூபாய். 992 ரூபாயை 2 சதவீதத்துக்குக் கடன் வாங்கியிருந்தால் திருப்ப வேண்டியது 1011.84 ரூபாய், மிச்சம் 8.16. சொந்தப் பணம் போடாமல், ஆபத்தும் இல்லாமல் கிடைக்கும் இந்த லாபம்தான் ஆர்பிட்ராஜ். பலரும் இதைச் செய்ய ஓடிவருவதால் புட் விலை ஏறி, இடைவெளி மூடிக்கொள்ளும்.

பங்கு, புட், விற்ற கால் மூன்றும் சேர்ந்தால் அது வட்டிக்குப் பணம் கொடுத்ததற்குச் சமம். 19-ஆம் நூற்றாண்டு நியூயார்க்கில் வட்டிக்குச் சட்டம் உச்சவரம்பு வைத்திருந்தபோது, ரஸ்ஸல் சேஜ் என்ற பணமுதலை இந்த வழியில்தான் அதைத் தாண்டிக் கடன் கொடுத்ததாகச் சொல்வார்கள். காகிதத்தில் அது பங்கு வியாபாரம், உள்ளே கந்துவட்டி.

புட் 58 ரூபாய்க்குப் போனால் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்ய வேண்டும். அங்கே சிக்கல் இருக்கிறது. இல்லாத பங்கை விற்று மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். நம் ஊரில் சாதாரண முதலீட்டாளர் ரொக்கச் சந்தையில் அப்படி விற்றால் அன்றைக்கே திரும்ப வாங்கியாக வேண்டும். அதனால் வியாபாரிகள் பங்குக்குப் பதிலாக ஃபியூச்சரை விற்கிறார்கள்.

புதிதாக வருபவர்கள் ஆப்ஷன் செயினில் LTP விலைகளைச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்து, பணம் கொட்டிக் கிடப்பதாக நினைப்பதுண்டு. LTP என்பது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. அந்தப் புட் காலை 10 மணிக்குக் கைமாறியிருக்கலாம். பங்கு விலையோ மதியம் 3 மணியுடையது. வாங்குவதற்கு விற்பவர் கேட்கும் விலையையும், விற்பதற்கு வாங்குபவர் தரும் விலையையும் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் லாபம் மறைந்துவிடும். மிச்சம் ஏதும் இருந்தால் தரகுக்கும் வரிக்கும் சரியாகப் போகும்.

இன்னொரு இடமும் கவனிக்க வேண்டியது. எக்ஸ்பைரிக்கு முன் டிவிடெண்ட் வந்தால் அது பங்கு வைத்திருப்பவருக்குத்தான் சேரும். கால் வைத்திருப்பவருக்கு இல்லை. அதனால் டிவிடெண்டின் இன்றைய மதிப்பை S-இலிருந்து கழித்துவிட வேண்டும். அது 10 ரூபாய் என்றால் நம் புட்டின் சரியான விலை 50 அல்ல, 60. எக்ஸ்பைரிக்கு முன்பே பயன்படுத்தக்கூடிய அமெரிக்க வகை ஆப்ஷனாக இருந்தால் இந்தச் சமன்பாடே பொருந்தாது. மேல் கீழ் எல்லைகளை மட்டும்தான் சொல்ல முடியும். தேசியப் பங்குச் சந்தையில் நிஃப்டி ஆப்ஷனும் பங்கு ஆப்ஷனும் எக்ஸ்பைரி அன்று மட்டுமே தீரும் ஐரோப்பிய வகை என்பதால் அந்தத் தொல்லை இங்கே இல்லை.